லண்டன் கோர்ட்டுக்குப் போன சிவலிங்கம்

லண்டன் மாநகரில் ஒரு விசித்திரமான வழக்கு நடந்தது.

வழக்கு ஒரு நடராஜர் சிலையைப் பற்றியது. "சிலை எங்களுக்குச் சொந்தம். காசு கொடுத்து வாங்கினோம்" என்றது கனடா நாட்டுக் கம்பெனி ஒன்று.

"இல்லை, அது எங்களுடையது" என்று எதிர்ப்பக்கம் ஐந்து பேர் நின்றார்கள்.

யார் அந்த ஐந்து பேர்?

ஒருவர், இந்திய சர்க்கார். இன்னொருவர், தமிழ்நாடு அரசு. மூன்றாமவர், கோயிலைக் கவனிக்க அறநிலையத் துறை நியமித்த தக்கார். நான்காவது, இடிந்து கிடக்கும் ஒரு கோயில். ஐந்தாவது, அந்தக் கோயிலின் சிவலிங்கம்!

கல் வழக்குப் போடுமா? போட்டது. வழக்கு ஜெயிக்கவும் செய்தது. நடராஜர் ஊர் திரும்பினார்.

வெளிநாட்டுக்குப் போன சாமி சிலையை மீட்பது என்றால், சர்க்கார் ஒரு கடிதம் எழுதினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படி லேசான காரியம் அல்ல. எந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து வெற்றியும் தோல்வியும் மாறும். இதற்கு இந்த நடராஜர் கதையைவிட நல்ல பாடம் கிடையாது.

மண்வெட்டியில் பட்டது

பழைய தஞ்சை மாவட்டத்தில், இப்போது திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஊர் பாத்தூர். அங்கே விசுவநாத சுவாமி கோயில் இருந்தது. 12-ம் நூற்றாண்டுக் கோயில். பிற்காலத்தில் அது பாழடைந்தது. சுவர்கள் சரிந்தன. கற்குவியலே மிச்சம்.

1976-ம் ஆண்டு. அந்த இடத்துக்குப் பக்கத்தில் குடிசை போட்டு வாழ்ந்த ஒரு கூலித் தொழிலாளி மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். மண்வெட்டி 'டங்' என்று எதன்மீதோ மோதியது.

தோண்டிப் பார்த்தார். உள்ளே செப்புத் திருமேனிகள்! அவற்றில் ஒன்று நடராஜர்.

சிலைகள் மண்ணுக்குள் எப்படிப் போயின? படையெடுப்புக் காலங்களில் கோயில் விக்கிரகங்களைக் குழி தோண்டிப் புதைத்து வைப்பது அந்த நாள் வழக்கம். ஆபத்து நீங்கியதும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். புதைத்தவர்கள் செத்துப்போனால் ரகசியமும் அவர்களோடு போய்விடும். சோழநாட்டு மண்ணுக்குள்ளிருந்து இன்றும் சிலைகள் கிடைப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

புதையல் கிடைத்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு 1878-ம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால், கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் குடிசைவாசிக்கு இந்தச் சட்டத்தை யார் சொன்னார்கள்? கிராமத்தில் அவரைத் தேடி முதலில் வந்தவர்கள் சிலை வியாபாரிகள்தான்.

நடராஜர் கை மாறினார். ஒரு தரகர், பிறகு இன்னொரு தரகர். கடைசியில் கடல் தாண்டி லண்டன் போய்ச் சேர்ந்தார்.

1982-ம் ஆண்டு, கனடாவில் ஆல்பர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த 'பம்பர் டெவலப்மெண்ட் கார்ப்பரேஷன்' என்ற கம்பெனி அவரை லண்டன் வியாபாரி ஒருவரிடம் விலைக்கு வாங்கியது. சிலை எங்கிருந்து வந்தது என்பதற்கு வியாபாரி காகிதங்களும் கொடுத்தார். அத்தனையும் பொய்! ஆனால் அது பொய் என்று கம்பெனிக்குத் தெரியாது.

மியூசியத்தில் போலீஸ்

வாங்கிய சிலையைச் செப்பனிட வேண்டும் என்று கம்பெனி அதை பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுத்து வைத்தது. அங்கேதான் லண்டன் போலீசார் வந்து சிலையைக் கைப்பற்றினார்கள்.

கம்பெனிக்குக் கோபம். சிலையைத் திருப்பிக் கொடு என்று போலீஸ் கமிஷனர் மீதே வழக்குப் போட்டது. இந்தியத் தரப்பினர் வந்து அந்த வழக்கில் சேர்ந்துகொண்டார்கள்.

இனி, கோர்ட்டின் முன் மூன்று கேள்விகள். தெரியாமல் வாங்கியவனுக்குப் பொருள் சொந்தமாகுமா? கோயில் என்பது வழக்காடக்கூடிய ஓர் ஆளா? பாத்தூரில் கிடைத்த நடராஜரும் லண்டனில் இருக்கும் நடராஜரும் ஒருவரேதானா?

முதல் கேள்விக்குப் பதில் சுலபம்.

ஒருவன் உங்கள் சைக்கிளைத் திருடி, பக்கத்து ஊரில் விற்றுவிட்டான். வாங்கியவர் நல்லவர். நியாயமான விலை கொடுத்தவர். ஆனாலும் சைக்கிள் யாருக்குச் சொந்தம்? உங்களுக்குத்தான். தனக்குச் சொந்தமில்லாததை ஒருவன் விற்க முடியாது. திருடனிடம் உரிமை இல்லை. ஆகவே அவனிடம் வாங்கியவருக்கும் உரிமை இல்லை. இங்கிலாந்துச் சட்டமும் பொதுவாக இதையே சொல்கிறது. அமெரிக்காவிலும் இப்படித்தான்.

ஐரோப்பாவில் பல நாடுகளில் இப்படி இல்லை. அங்கே, ஏமாந்து வாங்கியவருக்கு ஆதரவாகச் சட்டம் சாய்கிறது. திருட்டுச் சிலைகளைச் சில நாடுகள் வழியாகச் சுற்றிக் கொண்டுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கிலாந்திலும் ஒரு கெடு உண்டு. திருட்டுப் பொருள் என்று தெரியாமல் ஒருவர் நல்லெண்ணத்தோடு வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து கடிகாரம் ஓடத் தொடங்கும். ஆறு வருஷத்துக்குள் சொந்தக்காரர் வழக்குப் போட வேண்டும். போடாவிட்டால் உரிமை பறிபோகும். திருடனுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. நடராஜர் விஷயத்தில் கம்பெனி வாங்கிய உடனேயே போலீஸ் பிடித்துவிட்டதால் கெடு ஒரு பிரச்சினையாகவில்லை. அது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும்.

சாமிக்கு வக்கீல்

இரண்டாவது கேள்வியில்தான் வெள்ளைக்கார வக்கீல்கள் திணறினார்கள்.

நம் நாட்டில் இது புதிய விஷயம் அல்ல. கோயிலுக்கு நிலம் இருக்கிறது. அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது? சுவாமி பெயரில். சுவாமி குத்தகை வாங்குகிறார். சுவாமி வழக்குப் போடுகிறார். சட்டத்தின் கண்ணில் கோயில் தெய்வம் ஒரு 'நபர்'. ஆனால் பேச முடியாது, கையெழுத்துப் போட முடியாது. சிறு குழந்தைக்குச் சொத்து இருந்தால் கார்டியன் பார்த்துக்கொள்வது போல, சுவாமியின் சொத்தைத் தர்மகர்த்தாவோ தக்காரோ பார்த்துக்கொள்கிறார்.

இதை லண்டனே ஒப்புக்கொண்டதும் உண்டு! வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்திய வழக்குகளின் கடைசி அப்பீல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சிலுக்குத்தான் போகும். 1925-ம் ஆண்டு கல்கத்தா வழக்கு ஒன்றில், இந்து விக்கிரகம் சட்டப்படி ஒரு நபர் என்று பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் அது இந்தியச் சட்டப்படி நடந்த இந்திய வழக்கு. இங்கிலாந்துச் சட்டத்தில் மனிதர்களும் கம்பெனிகளும் வழக்காடலாம். கல்லும் கட்டடமும் வழக்காட முடியாது. கனடா கம்பெனி இதைப் பிடித்துக்கொண்டது. "கோயில் எங்கே இருக்கிறது? கற்குவியல்தானே இருக்கிறது? பூசை நின்று எத்தனையோ காலம் ஆயிற்று! கற்குவியலா எங்கள் மீது வழக்குப் போடுவது?" என்று கேட்டது.

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் பாத்தூர் மண்ணிலேயே இருந்தது.

கோயில் இடிந்தாலும் அங்கே ஒரு சிவலிங்கம் தப்பிப் பிழைத்திருந்தது. அது மறுபடியும் கோயில் இடத்தில் நிறுவப்பட்டு வழிபாடு நடந்தது. முதலில் வழக்கை விசாரித்த நீதிபதி இயான் கென்னடி இதை முக்கியமாக எடுத்துக்கொண்டார். 12-ம் நூற்றாண்டில் நிலம் கொடுத்துக் கோயில் கட்டிய பெரிய மனிதர் ஒருவர் இருந்தாரே, அவருடைய பக்தி நோக்கம் கோயில் இடிந்ததால் அழிந்துவிடவில்லை. மிஞ்சி நிற்கும் சிவலிங்கத்தில் அது உயிரோடு இருக்கிறது என்பது அவர் முடிவு.

எட்டு நூற்றாண்டுக்கு முன் தர்மம் செய்தவரின் எண்ணத்துக்கு லண்டன் கோர்ட்டு மரியாதை கொடுத்தது! வழக்கை நடத்திய இந்திய வக்கீல்களே இதை எவ்வளவு எதிர்பார்த்திருப்பார்களோ!

கறையானும் சாட்சி

மூன்றாவது கேள்விதான் மிகவும் கடினமானது. லண்டன் சிலை பாத்தூர் சிலைதான் என்று எப்படி நிரூபிப்பது?

புகைப்படம் இல்லை. கோயில் பதிவேட்டில் பெயர் இல்லை. பல நூறு வருஷம் மண்ணுக்குள் இருந்த சிலைக்குப் பதிவேடு எப்படி இருக்கும்? அதைக் கண்டெடுத்தவரும் கை மாற்றியவர்களும் மறைவாகச் செய்த காரியம் அது. ரசீதா கொடுத்திருப்பார்கள்?

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. அதே இடத்தில் கிடைத்த மற்ற சிலைகள்!

சோழநாட்டு ஸ்தபதிகள் சிலை செய்யும் முறையைத் தெரிந்துகொண்டால் இதன் அருமை புரியும். முதலில் மெழுகால் உருவம் செய்வார்கள். அதன்மீது களிமண் பூசிக் காய வைப்பார்கள். சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலி இடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறிய பிறகு களிமண் அச்சை உடைத்துச் சிலையை எடுப்பார்கள். அச்சு உடைந்துவிட்டதால் அதே சிலையை மறுபடி வார்க்க முடியாது. ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான்.

ஆனால் ஒரே பட்டறையில், ஒரே கை செய்த சிலைகளுக்குள் குடும்பச் சாயல் இருக்கும். அண்ணன் தம்பி முகம் போல. நகைகள், ஆடை மடிப்பு, விரல்கள், பீடம் இவற்றையெல்லாம் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்தார்கள். தமிழ்நாட்டுத் தொல்லியல் அறிஞர் இரா.நாகசாமி லண்டன் போய்ச் சாட்சி சொன்னார். லண்டன் நடராஜரும் பாத்தூர் சிலைகளும் ஒரே குடும்பம் என்பது அவருடைய சாட்சியம்.

கலை அறிஞர்கள் சொன்னதோடு கோர்ட்டு நிற்கவில்லை. உலோகத்தை ஆராய்ந்தார்கள். சிலையில் ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தார்கள். கறையான் ஊர்ந்து விட்டுச்சென்ற தடத்தைக்கூட விடவில்லை! எதிர்த்தரப்பும் நிபுணர்களைக் கொண்டுவந்து மறுத்தது.

இப்படிப்பட்ட வழக்கில் ஒவ்வொரு சாட்சியமும் தனியாக நின்றால் பலவீனமானதே. ஒரே மாதிரி மண் பல ஊர்களில் உண்டு. ஒரே மாதிரி உலோகக் கலவை பல சிலைகளில் உண்டு. சாயலைப் பற்றி இரண்டு நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்லலாம். ஆனால் இது கொலை வழக்கு அல்ல, சொத்து வழக்கு. துளிச் சந்தேகமும் இல்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எந்தப் பக்கம் உண்மையாக இருக்க அதிக வாய்ப்பு என்று தராசு சாய்ந்தால் போதும். எல்லாவற்றையும் சேர்த்து வைத்தபோது தராசு பாத்தூர்ப் பக்கம் சாய்ந்தது.

1988-ம் ஆண்டு தீர்ப்பு வந்தது. நடராஜர் கோயிலுக்குச் சொந்தம்!

கம்பெனி அப்பீல் செய்தது. 1991-ம் ஆண்டு அப்பீல் கோர்ட்டின் மூன்று நீதிபதிகளும் அதைத் தள்ளிவிட்டார்கள். இங்கிலாந்தில் கோயில் ஒரு நபர் அல்ல என்பது உண்மைதான்; ஆனால் அது இருக்கும் நாட்டின் சட்டம் அதை நபராக ஏற்கும்போது, நாடுகளுக்கிடையே உள்ள மரியாதையை முன்னிட்டு இங்கிலாந்தும் ஏற்க வேண்டும் என்றார்கள். தக்கார் மூலமாகக் கோயில் வழக்காடலாம், கோயிலின் உரிமையே போதும் என்று முடித்தார்கள்.

அந்த ஆண்டே நடராஜர் இந்தியா வந்தார். கம்பெனிக்கு நஷ்ட ஈடு எதுவும் தரவேண்டியிருக்கவில்லை. தன் பணத்தைக் கேட்க வேண்டுமானால் அது விற்ற வியாபாரியிடம்தான் போக வேண்டும்.

நியூசிலாந்து ஏன் தோற்றது?

இங்கே ஒரு சந்தேகம் எழும். "இவ்வளவு சுற்றுவானேன்? அனுமதி இல்லாமல் பழைய சிலையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது இந்தியாவில் குற்றம் அல்லவா? அதைச் சொல்லியே கேட்டிருக்கலாமே?"

அப்படிக் கேட்ட ஒரு நாடு அதே லண்டனில் தோற்றுப்போனது.

நியூசிலாந்தின் பூர்வகுடிகள் மாவோரிகள். மரவேலையில் கெட்டிக்காரர்கள். அவர்கள் செதுக்கிய பழைய மரப் பலகைகள் ஐந்து, 1970-களின் தொடக்கத்தில் ஒரு சதுப்பு நிலத்தில் கிடைத்தன. ஒரு வியாபாரி அவற்றை வாங்கி, சர்க்கார் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுக் கடத்தினார். ஸ்விட்சர்லாந்தில் வாழ்ந்த ஜார்ஜ் ஆர்டிஸ் என்ற சேகரிப்பாளர் அவற்றை வாங்கினார். 1978-ல் அவை லண்டனில் ஏலத்துக்கு வந்தன. நியூசிலாந்து சர்க்கார் உடனே கோர்ட்டுக்கு ஓடியது.

அதன் வாதம் இதுதான்: "அனுமதி இல்லாமல் ஏற்றுமதி செய்தால் பொருள் சர்க்காருக்குப் பறிமுதல் என்று எங்கள் சட்டம் சொல்கிறது. ஆகவே பலகைகள் எங்களுடையவை."

1983-ல் இங்கிலாந்தின் உச்சக் கோர்ட்டாக இருந்த பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. அந்தச் சட்டத்தின் வாசகப்படி, உங்கள் அதிகாரிகள் பொருளைக் கையால் பிடித்தால்தான் அது உங்களுடையது. நீங்கள் பிடிக்கவே இல்லையே என்றது. அதற்கு முன் அப்பீல் கோர்ட்டு இன்னும் கடுமையாகச் சொல்லியிருந்தது: வேறு நாட்டின் தண்டனைச் சட்டத்தை இங்கிலாந்துக் கோர்ட்டு அமல்படுத்தாது!

இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நியூசிலாந்து, "எங்கள் சட்டத்தை மீறினான்" என்று சொன்னது. பாத்தூர்க் கோயில், "என் பொருளைத் திருடினான்" என்று சொன்னது. வேறு நாட்டுக் கோர்ட்டின் காதில் முதலாவது ஏறாது, இரண்டாவது ஏறும். அந்த மாவோரிப் பலகைகள் 2014-ம் ஆண்டுதான் தாயகம் திரும்பின. அதற்கும் நியூசிலாந்து பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

நாடுகளின் ஒப்பந்தம்

இந்த ஓட்டையை அடைக்கவே நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தம் செய்தன. அது 1970-ம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தம். இந்தியா அதில் 1977-ல் சேர்ந்தது. பிரிட்டன் 2002-ல்தான் சேர்ந்தது. பாத்தூர் வழக்கு நடந்தபோது பிரிட்டன் சேரவில்லை. ஆகவே அது உதவிக்கு வரவில்லை.

வந்திருந்தால் மட்டும் சுலபமாக ஜெயித்திருக்குமா? சந்தேகம்தான். ஒப்பந்தம் போடும் நிபந்தனைகளைக் கவனியுங்கள். மியூசியத்திலிருந்தோ கோயிலிலிருந்தோ திருடப்பட்ட பொருள், அந்த இடத்தின் பட்டியலில் பதிவாகி இருக்க வேண்டும். தெரியாமல் வாங்கியவருக்கு, கேட்கும் நாடு நியாயமான ஈடு கொடுக்க வேண்டும். ஒப்பந்தத்தில் சேர்வதற்கு முன் நடந்த திருட்டுகளுக்கு அது செல்லாது.

பாத்தூர் நடராஜர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கோர்ட்டு வழியில் போனதால்தான் பட்டியல் இல்லாமலும், பணம் கொடுக்காமலும் சிலை திரும்பியது. இடிந்த கோயிலின் பழைய சொத்துரிமை, புதிய உலக ஒப்பந்தத்தைவிட நன்றாக வேலை செய்தது!

ஆனால் பட்டியலோ படமோ இருந்தால் கதையே வேறு. அதற்கு இன்னொரு நடராஜர் சாட்சி.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானில் பிரகதீசுவரர் கோயில் இருக்கிறது. கவனிப்பார் இல்லாமல் பூட்டிக் கிடந்த கோயில். அங்கிருந்து 2006-ல் எட்டுச் சிலைகள் திருட்டுப் போயின. திருட்டுப் போனதே யாருக்கும் தெரியவில்லை! 2008-ல்தான் விஷயம் வெளியே வந்தது. அதே ஆண்டில், அங்கே இருந்த நடராஜர் நியூயார்க் வியாபாரி ஒருவர் மூலம் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்துக்கு விலை போனார். விலை சுமார் 50 லட்சம் டாலர்.

இந்தத் தடவையும் காகிதங்கள் இருந்தன. சிலை பல வருஷங்களுக்கு முன்பே இந்தியாவைவிட்டுப் போய்விட்டது என்று அவை சொல்லின. திருட்டு வியாபாரத்தில் இது வழக்கமான தந்திரம். புதிய சட்டங்கள் வருவதற்கு முந்திய தேதி போட்டுவிடுவார்கள். வியாபாரியின் காகிதம் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்!

அந்தப் பொய்யை உடைத்தது ஒரு போட்டோ.

புதுச்சேரியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அதைச் சேர்ந்தவர்கள் பல வருஷங்களாகத் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போய்ச் சிலைகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஸ்ரீபுரந்தான் நடராஜரின் படம் 1994-ல் எடுத்தது. பல வருஷத்துக்கு முன்பே வெளிநாடு போய்விட்டதாகச் சொன்ன சிலை, 1994-ல் கோயிலில் நிற்கிறது!

இனி என்ன வாதம் இருக்கிறது? கறையானையும் மண்ணையும் தேட வேண்டிய அவசியமே இல்லை. ஆஸ்திரேலியா, பண்பாட்டுப் பொருள்களைப் பாதுகாக்க 1986-ல் ஒரு சட்டம் போட்டிருந்தது. ஒரு பொருள் தன் நாட்டுச் சட்டத்தை மீறி வெளியேறி ஆஸ்திரேலியாவுக்கு வந்திருந்தால், அந்த நாடு கேட்கும்போது பறிமுதல் செய்து கொடுக்க அதில் வழி உண்டு. நியூசிலாந்து லண்டனில் கேட்டும் கிடைக்காத உரிமை இதுதான். 2014-ல் இந்தியா முறைப்படி கேட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லி வந்தபோது சிலையைப் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார். விருத்தாசலம் கோயிலிலிருந்து போன அர்த்தநாரீசுவரர் சிலையும் கூடவே வந்தது.

பாத்தூருக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. ஸ்ரீபுரந்தானுக்கு, கேட்டு சில மாதங்களில் முடிந்தது.

கெடு முடிந்த பிறகும்

போட்டோவின் சக்தி சில சமயம் சட்டத்தையும் தாண்டிப் போகிறது.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் திருமங்கை ஆழ்வாரின் செப்புச் சிலை இருந்தது. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். 1967-ல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. கும்பகோணத்துக்கு அருகே சுந்தரப்பெருமாள்கோயில் என்ற ஊரில் உள்ள பெருமாள் கோயிலில் 1957-ல் எடுத்த படத்தில் அதே ஆழ்வார் இருப்பதை ஓர் ஆராய்ச்சியாளர் கண்டுபிடித்தார். படம் புதுச்சேரி நிறுவனத்துடையதே.

இதில் கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும்? ஆறு வருஷக் கெடு குறுக்கே நிற்கும். 1967-ல் வாங்கியதற்கு அது எப்போதோ முடிந்துபோன கதை. ஆனாலும் மியூசியம் கெடுவைக் காட்டித் தப்பிக்க நினைக்கவில்லை. 2019-ல் தானாகவே இந்தியத் தூதரகத்துக்குத் தெரிவித்தது. இந்தியா கேட்டது. 2024-ல் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு, திருப்பிக் கொடுக்கலாம் என்று ஒப்புதல் அளித்தது.

ஒரு சிலையைப் படம் எடுப்பது என்றால், மாலையும் பட்டும் சாத்திய அலங்காரத்தில் எடுப்பது பக்திக்குப் போதும்; சட்டத்துக்குப் போதாது. அலங்காரத்துக்குள் ஆள் அடையாளம் தெரியாது. அலங்காரம் இல்லாமல் முன்னாலும் பின்னாலும் பக்கவாட்டிலும் எடுக்க வேண்டும். உயரத்தையும் எடையையும் குறிக்க வேண்டும். முக்கியமாக, குறைகளைக் குறிக்க வேண்டும். திருவாசியில் ஒரு சுடர் உடைந்திருக்கும். விரல் நுனி தேய்ந்திருக்கும். பீடத்தில் ஒரு விரிசல் இருக்கும். அழகில் இரண்டு நடராஜர்கள் ஒரே மாதிரி இருக்கலாம். உடைந்த சுடர் இருவருக்கும் ஒரே இடத்தில் இருக்காது. பீடத்தில் எழுத்துகள் இருந்தால் அவற்றைத் தனியாக எடுக்க வேண்டும். படம் எடுத்த தேதியை எழுதி வைக்க வேண்டும். திருடன் முதலில் பொய் சொல்வது தேதியில்தான்.

எல்லாப் படங்களும் கோயில் பீரோவில் மட்டும் இருந்தால் சிலையோடு அவையும் காணாமல் போகலாம். இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்க வேண்டும். ஸ்ரீபுரந்தானைக் காப்பாற்றியது கோயிலில் இருந்த படம் அல்ல. புதுச்சேரியில் இருந்த படம்!

லண்டனில் ஜெயித்து வந்த பாத்தூர் நடராஜர், இடிந்த கோயிலில் வைத்தால் மறுபடியும் ஆபத்து என்று, திருவாரூரில் உள்ள சிலைப் பாதுகாப்பு மையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர் கும்பகோணத்தில் உள்ள மையத்துக்குப் போனார்.